போலிங் ரேட், ரா இன்புட், பாயிண்டர் பிரிசிஷன்: குறி பார்ப்பதற்கு எதை முதலில் மாற்றுவது?

துப்பாக்கி விளையாட்டுகளில் குறி தவறத் தொடங்கியதும் பலர் முதலில் கை வைப்பது மவுஸ் அமைப்புகளில்தான். போலிங் ரேட்டை உயர்த்துவார்கள், ரா இன்புட்டை இயக்குவார்கள், விண்டோஸில் பாயிண்டர் பிரிசிஷனை அணைப்பார்கள். மூன்றையும் ஒரே மாலையில் மாற்றிவிடுவதால், மறுநாள் குறி மேம்பட்டாலும் கெட்டாலும் எதனால் அப்படி ஆயிற்று என்று அவர்களால் சொல்ல முடிவதில்லை. விண்டோஸ் கணினியில் கவுண்டர்-ஸ்டிரைக் 2 போன்ற ஒரு விளையாட்டை ஆடுபவர் இம்மூன்றில் எதை எந்த வரிசையில் முடிவு செய்ய வேண்டும், எதற்காகப் பணம் செலவழிக்கலாம், எதற்குத் தேவையில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மவுஸை நகர்த்தும்போது அதன் அடியிலுள்ள சென்சார் அந்த நகர்வைச் சிறு அலகுகளாக எண்ணுகிறது. இந்த அலகைக் கவுண்ட் என்பார்கள். 800 டிபிஐ என்றால் ஓர் அங்குல நகர்வுக்கு 800 கவுண்ட். மவுஸ் இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கணினி கேட்கும் ஒவ்வொரு முறையும், கடந்த முறைக்குப் பிறகு எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற விவரத்தை ஒரு ரிப்போர்ட்டாக அனுப்புகிறது. ஒரு வினாடிக்கு எத்தனை முறை இவ்வாறு கேட்கப்படுகிறது என்பதுதான் போலிங் ரேட். அந்த ரிப்போர்ட் விண்டோஸை அடைந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதையில் விண்டோஸ் அதைத் தன் வேக அமைப்பின்படி மாற்றித் திரையிலுள்ள அம்புக்குறியை நகர்த்துகிறது. மற்றொரு பாதையில் மாற்றம் ஏதுமின்றி அதே கவுண்ட்டுகள் விளையாட்டிடம் தரப்படுகின்றன. இந்த இரண்டாம் பாதைக்குத்தான் ரா இன்புட் என்று பெயர். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே அது இருந்து வருகிறது. பாயிண்டர் பிரிசிஷன் வேலை செய்வது முதல் பாதையில் மட்டுமே. ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது ரா இன்புட். அது இயங்கினால் பாயிண்டர் பிரிசிஷனைப் பற்றிய கேள்வி அந்த விளையாட்டைப் பொறுத்தவரை தானாகவே எழாமல் போய்விடும்.

பழைய விளையாட்டுகள் முதல் பாதையைப் பயன்படுத்திய விதம் சற்று வேடிக்கையானது. அவை ஒவ்வொரு ஃபிரேமிலும் அம்புக்குறி திரையின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகலைப் பார்வையின் திருப்பமாக மாற்றி, அம்புக்குறியை மீண்டும் நடுவில் கொண்டுவந்து வைத்தன. இம்முறையில் விண்டோஸ் அம்புக்குறிக்குச் செய்த திருத்தம் அனைத்தும் குறியிலும் வந்து சேரும். கன்ட்ரோல் பேனலில் பாயிண்டர் வேகத்துக்கு 11 படிகள் உள்ளன. நடுவிலுள்ள 6-ஆம் படியில் ஒரு கவுண்ட்டுக்கு ஒரு பிக்சல் என்ற நேர்விகிதம் இருக்கும். 8-ஆம் படியில் அது இரண்டு மடங்காகிறது, அதாவது அம்புக்குறி ஒற்றைப் பிக்சலாக நகரவே முடியாது. 4-ஆம் படியில் அது பாதியாகிறது, அதாவது கை நகர்ந்தாலும் இரண்டாவது கவுண்ட் வரும்வரை அம்புக்குறி அசையாது. ரா இன்புட் இல்லாத விளையாட்டில் இவ்விரண்டுமே நுண்ணிய திருத்தங்களைக் கெடுக்கும். எனவே அத்தகைய விளையாட்டை ஆடுபவர் 6-ஆம் படியில் வைத்துவிட்டு, வேகத்தை விளையாட்டுக்குள் உள்ள சென்சிடிவிட்டியால் சரிசெய்வதே நல்லது.

பாயிண்டர் பிரிசிஷன் என்ற பெயரைக் கேட்டால் அணைக்கவே மனம் வராது. துல்லியத்தை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அது செய்வது வேக மாற்றம். கை மெதுவாக நகரும்போது அம்புக்குறியின் நகர்வைக் குறைத்தும், வேகமாக நகரும்போது பெருக்கியும் காட்டுகிறது. சிறிய மேசையில், திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகவும் சிறிய பொத்தானின்மீது நிறுத்தவும் இது உண்மையிலேயே உதவும்; மேசைக்கணினி வேலைக்கு நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். குறி பார்ப்பதில் சிக்கல் வேறு. 52 சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒரு முழுச் சுற்று என்று கை பழகியிருந்தால், 13 சென்டிமீட்டர் என்பது எப்போதும் கால் சுற்றாக இருக்க வேண்டும். பாயிண்டர் பிரிசிஷன் இயங்கும்போது அதே 13 சென்டிமீட்டர், அதைக் கடந்த வேகத்தைப் பொறுத்து வெவ்வேறு கோணங்களாகிறது. கை இப்போது தூரத்தோடு வேகத்தையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. பதற்றமான சண்டையில் வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி உண்டு. விண்டோஸ் இந்த வேகத்தைக் கணிப்பது ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் எத்தனை கவுண்ட் வந்தது என்பதை வைத்துத்தான். 800 டிபிஐ மவுஸை வினாடிக்கு 26 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்தால், 125 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஏறத்தாழ 65 கவுண்ட் இருக்கும்; 1,000 ஹெர்ட்ஸில் சுமார் 8 மட்டுமே இருக்கும். கை ஒரே வேகத்தில்தான் போகிறது, ஆனால் 65 கவுண்ட் வேகமான இழுப்பாகவும், 8 கவுண்ட் மெதுவான இழுப்பாகவும் கொள்ளப்படுகின்றன. ஆகவே பாயிண்டர் பிரிசிஷன் இயங்கும் நிலையில் போலிங் ரேட்டை மாற்றினால், சென்சிடிவிட்டி எண்ணைத் தொடாமலேயே குறியின் உணர்வு மாறிவிடும். புதிய மவுஸ் வாங்கியதும் "கை பழகவில்லை" என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இதுவாகவே இருக்கலாம்.

ரா இன்புட் இயங்குகிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மவுஸ் பேடின் மீது ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, மவுஸின் இடப்பக்கத்தை அதனோடு ஒட்டி நிறுத்துங்கள். விளையாட்டுக்குள் கிராஸ்ஹேரைச் சுவரிலுள்ள ஏதேனும் ஒரு புள்ளியில் வைத்துக்கொண்டு, மவுஸை மிக மெதுவாக 10 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி, பிறகு ஒரே வீச்சில் வேகமாகப் புத்தகத்தைத் தொடும்வரை திரும்பக் கொண்டுவாருங்கள். ரா இன்புட் சரியாக இயங்கினால் கிராஸ்ஹேர் ஏறத்தாழ அதே புள்ளிக்குத் திரும்பும். வேக மாற்றம் எங்கேனும் ஒளிந்திருந்தால், வேகமான திரும்பல் பெருக்கப்பட்டுப் புள்ளியைக் கடந்து இடப்பக்கம் போய் நிற்கும். இதை நான்கைந்து முறை செய்ய வேண்டும். மவுஸ் சற்றே சுழன்றாலும் சிறு விலகல் வரும் என்பதால், விலகல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். விளையாட்டின் மெனுவில் அம்புக்குறியின் வேகத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ரா இன்புட் இயங்கினாலும் மெனுவில் தெரிவது பெரும்பாலும் விண்டோஸின் சொந்த அம்புக்குறிதான்.

விண்டோஸின் நிலையைத் தனியாக அறிய வேண்டுமானால், கமாண்ட் பிராம்ப்டில் இதைத் தட்டச்சு செய்யலாம்:

```
reg query "HKCU\Control Panel\Mouse" /v MouseSpeed
```

விடையில் 0 என்று வந்தால் பாயிண்டர் பிரிசிஷன் அணைந்திருக்கிறது. 1 என்றால் இயங்குகிறது. மாற்றுவதற்கு `main.cpl` என்று இயக்கி, `Pointer Options` பகுதியில் `Enhance pointer precision` என்ற பெட்டியிலுள்ள குறியை நீக்கினால் போதும். விண்டோஸ் இதை இயக்கிய நிலையிலேயே தருகிறது என்பதால், ஒருபோதும் தொடாதவருக்கு அது இயங்கிக்கொண்டுதான் இருக்கும்.

ரா இன்புட்டை எல்லா விளையாட்டுகளும் ஒரே விதமாகக் கையாள்வதில்லை. கவுண்டர்-ஸ்டிரைக்கின் முந்தைய பதிப்பான குளோபல் அஃபென்சிவில் `m_rawinput` என்ற கட்டளையால் அதை இயக்கவோ அணைக்கவோ முடிந்தது. கவுண்டர்-ஸ்டிரைக் 2 எப்போதும் ரா இன்புட்டையே பயன்படுத்துகிறது. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் மவுஸ் அமைப்புகளுக்குள் தனி விசை இருக்கிறது. விசை இருக்கும் எந்த விளையாட்டிலும் அதை இயக்குவதே என் தீர்ப்பு, இழப்பு ஏதுமில்லை. ஆனால் ரா இன்புட் விலக்குவது விண்டோஸின் திருத்தத்தை மட்டுமே. மவுஸின் உள்ளேயே நேர்கோடாக்கும் திருத்தம் இயங்கினால் அது அப்படியே வந்து சேரும். விளையாட்டே தன் பங்குக்கு மென்மையாக்கலோ வேக மாற்றமோ செய்தால் அதுவும் தொடரும். புத்தகச் சோதனையில் ரா இன்புட்டுக்குப் பிறகும் விலகல் தெரிந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது விளையாட்டின் சொந்த அமைப்புப் பக்கத்தை.

இனி போலிங் ரேட். செலவும் விளம்பரமும் குவிந்திருப்பது இங்கேதான். நெடுங்காலமாகச் சாதாரண மவுஸ்களின் அளவு 125 ஹெர்ட்ஸ், அதாவது 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை. விளையாட்டு மவுஸ்கள் 1,000 ஹெர்ட்ஸை, அதாவது 1 மில்லிவினாடியைப் பொதுவாக்கின. யுஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடு வகையில் அதற்குக் கீழே இறங்க முடியாது. ஹை ஸ்பீடு வகையில் ஒரு மில்லிவினாடி எட்டாகப் பிரிக்கப்படுவதால் 0.125 மில்லிவினாடி, அதாவது 8,000 ஹெர்ட்ஸ் சாத்தியமாகிறது. 2021-இல் ரேசர் நிறுவனம் அத்தகைய மவுஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, 2,000, 4,000, 8,000 என்ற எண்கள் பெட்டிகளின் மீது பெரிதாக அச்சிடப்படலாயின.

இவ்வெண்கள் குறியில் என்ன மாற்றம் செய்கின்றன என்பதை ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். கவுண்டர்-ஸ்டிரைக் 2-இல் சென்சிடிவிட்டி 1 என்றால் ஒரு கவுண்ட்டுக்குப் பார்வை 0.022 பாகை திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 16,364 கவுண்ட் வேண்டும். 800 டிபிஐயில் அது சுமார் 20.5 அங்குலம், அதாவது 52 சென்டிமீட்டர். வினாடிக்கு 26 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்தால் பார்வை வினாடிக்கு 180 பாகை திரும்பும். இந்த வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே சுடும் பொத்தானை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் அடுத்த ரிப்போர்ட்டில்தான் கணினியை அடையும். அதுவரை நிகழ்ந்த நகர்வும் அதே ரிப்போர்ட்டில் சேர்ந்தே போகும். 125 ஹெர்ட்ஸில் இந்த இடைவெளி அதிகபட்சம் 8 மில்லிவினாடி. அதற்குள் பார்வை 1.44 பாகை திரும்பிவிடும். 1,000 ஹெர்ட்ஸில் அது 0.18 பாகை, 8,000 ஹெர்ட்ஸில் 0.0225 பாகை. 30 மீட்டர் தொலைவில் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தலை 0.38 பாகை இடத்தைத்தான் அடைக்கும். 125 ஹெர்ட்ஸில் வரக்கூடிய அதிகபட்சப் பிழை அந்தத் தலையைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. 1,000 ஹெர்ட்ஸில் அதன் பாதிக்கும் குறைவு. 125-இலிருந்து 1,000-க்கு மாறுவது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு இதுவே போதும்.

1,000-இலிருந்து 8,000-க்குப் போகும்போது கதை மாறுகிறது. காகிதத்தில் பிழை எட்டில் ஒரு பங்காகிறது. ஆனால் விளையாட்டு பொதுவாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறைதான் வந்து சேர்ந்த நகர்வுகளைத் தொகுத்துப் பார்வையைத் திருப்புகிறது. வினாடிக்கு 240 ஃபிரேம் ஓடினாலும் ஒரு ஃபிரேம் 4.17 மில்லிவினாடி நீளும். மேற்சொன்ன இழுப்பில் அது 0.75 பாகை. இந்தப் படிக்கட்டு 0.18 பாகையைவிடவே பெரியது. 1 மில்லிவினாடியை 0.125 ஆக்குவதால் கிடைக்கும் சராசரி லாபம் அரை மில்லிவினாடிக்கும் குறைவு. அதைவிடத் திரையையோ கணினியையோ மேம்படுத்தி ஒரு ஃபிரேமின் நீளத்தைக் குறைப்பது பலமடங்கு பெரிய லாபம் தரும்.

அப்படியானால் 8,000 முற்றிலும் வீணா என்றால், அப்படியும் இல்லை. அதன் உண்மையான பயன் சீரான அசைவில் இருக்கிறது. வினாடிக்கு 144 ஃபிரேம் ஓடும் திரையில் 125 ஹெர்ட்ஸ் மவுஸைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு வினாடியிலும் குறைந்தது 19 ஃபிரேம்களுக்கு மவுஸிடமிருந்து புதிய தகவலே இருக்காது. கை நகர்ந்துகொண்டிருந்தும் காட்சி அந்த ஃபிரேம்களில் நின்றுபோகும். கண்ணுக்கு இது மெல்லிய தடுமாற்றமாகத் தெரியும், ஓடும் எதிரியைக் கிராஸ்ஹேரால் தொடர்வதுதான் இதனால் அதிகம் கெடுகிறது. 1,000 ஹெர்ட்ஸில் இந்த வெறுமை மறைந்துவிடுகிறது. ஆயினும் 240 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேமுக்கு நான்கு ரிப்போர்ட், சிலவற்றுக்கு ஐந்து என்று மாறி மாறி வருவதால், ஒரே வேகத்தில் கை நகர்ந்தாலும் அவ்வப்போது ஒரு ஃபிரேமின் நகர்வு கால் பங்கு கூடுதலாக இருக்கும். 8,000-இல் அது 33 அல்லது 34 ரிப்போர்ட். வேறுபாடு மூன்று சதவீதமே. 240 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட திரையை வைத்திருப்பவர் இதை உணரக்கூடும். 60 ஹெர்ட்ஸ் திரையில் விளையாடுபவர் இதற்காகச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மவுஸிடம் சொல்லப் புதிதாக ஒரு கவுண்ட்டாவது இருந்தால்தான் ரிப்போர்ட்டில் நகர்வு இருக்கும். மேற்சொன்ன வேகமான இழுப்பில் 800 டிபிஐ மவுஸ் வினாடிக்குச் சுமார் 8,200 கவுண்ட் தருவதால், 8,000 ரிப்போர்ட்டுகளை ஒருவாறு நிரப்பிவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓர் எதிரியை மெதுவாகத் தொடரும்போது வருவது சுமார் 820 கவுண்ட் மட்டுமே. 8,000 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அந்த நேரத்தில் அது 1,000 ஹெர்ட்ஸ் மவுஸைவிட அதிகமாக எதையும் சொல்லப்போவதில்லை. ஆகவே உயர்ந்த போலிங் ரேட்டைத் தேர்ந்தெடுப்பவர் டிபிஐயை 1,600-க்கோ 3,200-க்கோ உயர்த்தி, விளையாட்டின் சென்சிடிவிட்டியை அதே விகிதத்தில் 0.5 அல்லது 0.25 ஆகக் குறைக்க வேண்டும். அப்போதும் 52 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற பழக்கம் மாறாது. 400 டிபிஐயில் 8,000 ஹெர்ட்ஸ் வைத்துக்கொண்டு வித்தியாசம் தெரியவில்லை என்பவர் சொல்வது உண்மைதான். அந்த அமைப்பில் தெரிய வாய்ப்பு மிகக் குறைவு.

செலவுப் பக்கத்தில் முதலாவது பிராசசர். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கணினி கையாள வேண்டும் என்பதால், வினாடிக்கு 8,000 குறுக்கீடுகள் ஏற்கெனவே திணறும் பிராசசரை மேலும் திணறடிக்கும். ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கும் விளையாட்டில் இந்தப் பாதிப்பு அதிகம், மொத்தமாக வாங்கும் விளையாட்டில் குறைவு. வேலரண்ட் அமைப்புகளில் காணப்படும் `Raw Input Buffer` என்ற தேர்வு இந்த மொத்தமாக வாங்கும் முறையைத்தான் இயக்குகிறது, 1,000-க்கு மேற்பட்ட மவுஸ் வைத்திருப்பவர் அதை இயக்கிப் பார்க்க வேண்டும். பின்னணியில் திறந்திருக்கும் பிற நிரல்களும் மவுஸைக் கேட்டுக்கொண்டிருப்பதால் ஏற்படும் சுமையைக் குறைக்க, 2023-இல் விண்டோஸ் 11-க்கு ஒரு திருத்தம் வந்தது. வயர்லெஸ் மவுஸ் என்றால் பேட்டரியும் கணிசமாக விரைந்து தீரும்.

பாதிப்பு இருக்கிறதா என்று அறிவது கடினமல்ல. ஃபிரேம் நேரத்தைக் கோடாகக் காட்டும் வசதியை இயக்கி, விளையாட்டில் ஓரிடத்தில் அசையாமல் நின்று, முதலில் மவுஸைத் தொடாமலும் பிறகு வட்டமாக வேகமாகச் சுழற்றியும் பாருங்கள். பார்வை திரும்பும்போது காட்சி மாறுவதாலேயே கோடு சற்று அசையும். எனவே இதே சுழற்சியை 1,000 ஹெர்ட்ஸிலும் செய்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். 8,000-இல் மட்டும் கூரிய ஊசிகள் எழுந்தால் அந்தக் கணினிக்கு அது அதிகம். 4,000, பிறகு 2,000 என்று இறங்கி, ஊசிகள் மறையும் அளவில் நிறுத்தலாம். மவுஸின் வயரோ ரிசீவரோ யுஎஸ்பி ஹப் வழியாக இணைந்திருந்தால், இந்தச் சோதனைக்கு முன்பே அதை மதர்போர்டின் பின்புறத் துளைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் எதை அளக்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

144 ஹெர்ட்ஸ் திரை, நடுத்தரப் பிராசசர், 1,000 ஹெர்ட்ஸ் மவுஸ் ஆகியவற்றை ஏற்கெனவே வைத்திருப்பவர் கேட்டால், ரா இன்புட்டை இயக்குங்கள், பாயிண்டர் பிரிசிஷனை அணைத்து வேகத்தை 6-ஆம் படியில் வையுங்கள், மவுஸை மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவரிடம் இருப்பது 125 ஹெர்ட்ஸ் அலுவலக மவுஸ் என்றால், விலை குறைந்த 1,000 ஹெர்ட்ஸ் மவுஸே தெளிவான மாற்றத்தைத் தரும். 360 ஹெர்ட்ஸ் திரையும் அதை நிரப்பும் பிராசசரும் உள்ளவர் 4,000-ஐ முயன்று பார்க்கலாம்.

பல ஆண்டுகள் பாயிண்டர் பிரிசிஷனோடு, ரா இன்புட் இல்லாமலேயே விளையாடிப் பழகியவருக்கு மட்டும் இந்த மாற்றம் முதலில் சுமையாக இருக்கும். வேகமான இழுப்புகளைப் பெருக்கித் தந்த உதவி நின்றுவிடுவதால், பழைய சென்சிடிவிட்டியில் பின்னால் திரும்பவே கை போதாது என்று தோன்றும். அவர் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்காமல், மவுஸ் பேடின் அகலத்தை அளந்து, ஒரே இழுப்பில் 180 பாகை திரும்பும் அளவுக்குச் சென்சிடிவிட்டியை உயர்த்திக்கொள்ள வேண்டும். 800 டிபிஐயில் 20 சென்டிமீட்டர் இடம் இருந்தால் கவுண்டர்-ஸ்டிரைக் 2-இல் அந்த எண் ஏறத்தாழ 1.3. வேக மாற்றம் இல்லாமல் தன்னால் விளையாடவே முடியாது என்று சில வாரங்களுக்குப் பிறகும் உணர்பவர், விண்டோஸின் வளைவுக்குத் திரும்புவதைவிட, ரா அக்செல் போன்ற கருவியில் தானே வளைவை வரைந்துகொள்வது மேல். அங்கே வேகம் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், நாளை போலிங் ரேட்டை மாற்றினாலும் வளைவு குலையாது.